4.6 அம்பியரும் 2.9 அம்பியரும் சேர்ந்தால் 2.9 அம்பியர்தான்: கிணற்று மோட்டரை வைத்து பேசர் படிப்போம்

வன்னியில் தோட்டக் கிணறுகளில் ஓடுகிற ஒற்றை அவத்தை மோட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மோட்டருக்குச் சமாந்தரமாக 40 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் பூட்டியிருக்கிறது. கிளாம்ப் மீற்றரை மோட்டருக்குப் போகும் வயரில் மாட்டினால் 4.6 அம்பியர் காட்டுகிறது. கொள்ளளவியின் வயரில் 2.89. இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் வருகிற பொது வயரில் 7.49 காட்ட வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே 2.87 காட்டும். மோட்டருக்குப் போவதை விடவும் குறைவு!

மீற்றர் பழுதில்லை, கேர்ச்சோப் விதியும் உடையவில்லை. ஏன் இப்படி என்று விளங்கினால் பேசர் எதற்கு, சிக்கலெண் ஏன் இதற்குள் வந்தது என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு ஆகண்ட் வரிப்படம் பழகியிருக்கும், அது போதும். எங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்குள் நுழையப்போகிற ஆட்களுக்கும் இது உதவும்.

ஒரு எச்சரிக்கை முதலிலேயே: ஒற்றை அவத்தை மோட்டரின் உடம்பில் ஏற்கெனவே இருக்கிற கொள்ளளவி வேறு, அது மோட்டரின் இரண்டாவது சுற்றுக்குத் தொடராகப் போவது. நான் சொல்வது வெளியே சமாந்தரமாகப் பூட்டுவதை. மின்னை நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் 230 வோல்ற் அலையின் உச்சமான 325 வோல்ற் வரை தங்கி நிற்கலாம். ஆகவே இந்தக் கணக்கைத் தாளில் செய்யுங்கள், பெட்டியைத் திறக்கிற வேலையை மின் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

படி 1: "ஓம்" என்று சொல்லி ஏமாற வேண்டாம்

தடை ஒன்றில் எந்தக் கணத்திலும் வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரே எண்தான் வரும். அந்த எண்தான் தடை.

கொள்ளளவியில் அதே வேலையைச் செய்து பாருங்கள். அதன் விதி i = C dv/dt, அதாவது வோல்ற்றளவு எவ்வளவு என்பதில் அதற்கு அக்கறை இல்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதில்தான் அக்கறை. சைன் அலை உச்சியில் நிற்கும்போது வோல்ற்றளவு 325, ஆனால் அந்தக் கணத்தில் அது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, எனவே மின்னோட்டம் பூச்சியம். வகுத்தால் முடிவிலி. அலை பூச்சியத்தைக் கடக்கும்போதுதான் மிக வேகமாக மாறுகிறது, அப்போது மின்னோட்டம் உச்சத்தில் இருக்கிறது. வகுத்தால் பூச்சியம். இடையில் மறை எண்கள்கூட வரும்.

40 மைக்ரோபரட்டுக்கு 50 ஹேர்ட்ஸில் 79.6 ஓம் என்று புத்தகம் சொல்வது இரண்டு உச்சப் பெறுமானங்களின் விகிதத்தை மட்டும்தான். அந்த இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மின்னோட்டத்தின் உச்சம் கால் சுற்று, அதாவது 5 மில்லிசெக்கன், முந்தி வந்துவிடுகிறது. அந்தச் செய்தியை 79.6 என்ற எண்ணுக்குள் வைக்க இடமே இல்லை. தூண்டியில் v = L di/dt, எல்லாம் தலைகீழ், மின்னோட்டம் கால் சுற்றுப் பிந்தி வரும்.

ஆகவே நமக்கு வேண்டியது அளவையும் திருப்பத்தையும் ஒன்றாகச் சுமக்கிற ஓர் எண்.

படி 2: சுழற்சியை மறந்துவிடுங்கள்

சுற்றுக்கு 50 ஹேர்ட்ஸ் கொடுத்தால், தடை, தூண்டி, கொள்ளளவி மட்டும் உள்ள சுற்றில் எல்லா இடத்திலும் 50 ஹேர்ட்ஸ்தான் இருக்கும். ஒரு வயரில் 50, இன்னொரு வயரில் 70 என்று வராது. வித்தியாசப்படுவது வீச்சமும் அவத்தைக் கோணமும் மட்டும். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் ஓடுகிற இரண்டு மோட்டார் சைக்கிள்களைப் போல, இரண்டும் மாங்குளத்தில் நிற்கின்றனவா ஓமந்தையில் நிற்கின்றனவா என்பது முக்கியமில்லை, நடுவில் உள்ள இடைவெளி மாறவே மாறாது, அது போதும்.

எனவே எல்லாருக்கும் பொதுவான ωt பகுதியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதி வீச்சத்தையும் கோணத்தையும் ஓர் அம்பாக வரைகிறோம். அம்பின் நீளம் வீச்சம், சாய்வு அவத்தை. அதுதான் பேசர். ஆகண்ட் தளத்தில் அதே அம்பு ஒரு சிக்கலெண். 1893 இல் ஸ்டைன்மெற்ஸ் இதை மின் பொறியியலாளர்கள் முன் வைத்த பிறகுதான் ஆடலோட்டக் கணக்கு எல்லாருக்கும் கைக்கு எட்டுகிற ஒன்றானது.

படி 3: j எங்கிருந்து வருகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் பலர் "சும்மா ஒரு வசதிக்காக j போட்டிருக்கிறார்கள்" என்று விட்டுவிடுவது இங்கேதான்.

sin ωt ஐ ஒருதடவை வகையிட்டால் ω cos ωt. அதாவது ω ஆல் பெருகி, கால் சுற்று முன்னே திரும்பிவிட்டது. இன்னொரு தடவை வகையிட்டால் −ω² sin ωt. மறுபடி ω ஆல் பெருகி, இன்னொரு கால் சுற்றுத் திரும்பி, பழைய அலையே தலைகீழாக வந்து நிற்கிறது.

இப்போது, இரண்டு தடவை செய்தால் −1 ஆல் பெருக்கியதற்குச் சமமாகும் ஒரு திருப்பம் எது? எந்த மெய்யெண்ணையும் தன்னால் பெருக்கினால் மறை வராது. j ஐப் பெருக்கினால் வரும், j² = −1. ஆகண்ட் தளத்தில் j ஆல் பெருக்குவது 90 பாகை திருப்புவதுதானே! (கணிதத்தில் i என்று எழுதுவதை இங்கே j என்கிறோம், i ஐ மின்னோட்டம் பிடித்துக்கொண்டதால்.) ஆகவே ஒரே மீடிறனில் ஓடும் சைன் அலைகளுக்கு வகையிடுதல் என்பது jω ஆல் பெருக்குவது, அவ்வளவுதான். வகையீட்டுச் சமன்பாடு சாதாரண இயற்கணிதமாக மாறிவிடுகிறது. பேசர் தருகிற முழு இலாபமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சரி, பெருக்கிப் பார்ப்போம்:

```
தூண்டி:      v = L di/dt  →  V = jωL I   →  Z = jωL
கொள்ளளவி:  i = C dv/dt  →  I = jωC V   →  Z = 1/(jωC) = −j/(ωC)
தடை:        v = R i      →  V = R I     →  Z = R
```

தடையில் வகையிடல் இல்லை, அதனால் j இல்லை. மற்ற இரண்டின் விதியிலும் வகையிடல் இருக்கிறது, அதனால் j வந்துவிட்டது. தூண்டிக்கு +j, கொள்ளளவிக்கு −j வந்த காரணமும் தெரிகிறது, ஒன்றில் வோல்ற்றளவுப் பக்கம் வகையிடல் விளைவாக நிற்கிறது, மற்றதில் மின்னோட்டப் பக்கம். இப்போது Z என்பதை இம்பீடன்ஸ் என்று அழைத்து, தடைகளைக் கூட்டுகிற அதே சூத்திரங்களால் தொடராகவும் சமாந்தரமாகவும் கூட்டலாம்.

படி 4: மோட்டரின் கணக்கு

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரை, இந்தச் சுமையில், 30 ஓம் தடையும் 0.127 ஹென்றி தூண்டியும் தொடராக உள்ளதாக எடுப்போம். அந்த 30 ஓம் முழுவதும் செப்புக் கம்பியின் தடை அல்ல, தண்ணீரை மேலே தூக்கப் போகிற சக்தியும் அதற்குள்தான் கணக்கு. ω = 2π × 50 = 314.16, எனவே ωL = 40 ஓம்.

Z = 30 + j40. இதன் பருமன் 50 ஓம் (3, 4, 5 முக்கோணி), கோணம் 53.13 பாகை.

அம்பின் நீளத்துக்கு இங்கே உச்சத்துக்குப் பதிலாக ஆர்எம்எஸ் பெறுமானத்தை எடுப்போம், மீற்றர் காட்டுவதும் அதைத்தான். மின்னோட்டம் 230/(30 + j40). மேலும் கீழும் 30 − j40 ஆல் பெருக்கினால் 2.76 − j3.68 அம்பியர். பருமன் 4.6, மீற்றர் காட்டியது அதைத்தான்.

கொள்ளளவியின் மின்னோட்டம் jωC V = j × 314.16 × 0.00004 × 230 = j2.89 அம்பியர்.

கூட்டுங்கள். 2.76 − j3.68 + j2.89 = 2.76 − j0.79. பருமன் 2.87 அம்பியர். வந்துவிட்டதா?

மோட்டர் கேட்கிற மின்னோட்டத்தில் 2.76 பகுதிதான் வேலை செய்கிறது, 230 × 2.76 = 635 வாற். மீதி 3.68 பகுதி மோட்டரின் காந்தப்புலத்தை ஏற்றவும் இறக்கவும் வந்து திரும்பிப் போகிறது. அது வருகிற கணத்தில் கொள்ளளவி விடுகிறது, அது போகிற கணத்தில் கொள்ளளவி வாங்குகிறது. இரண்டும் பக்கத்தில் இருந்தபடியே கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்வதால் நீண்ட வயரில் அதன் பெரும்பகுதி ஓட வேண்டியதில்லை, 0.79 மட்டும் மிஞ்சுகிறது. வீட்டிலிருந்து கிணறு தூரம் என்றால் இது கவனிக்க வேண்டிய விஷயம், வயரில் சூடாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். ஆனால் மாதக் கட்டணம் பாதியாகும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம், வீட்டு மீற்றர் எண்ணுவது அந்த 635 வாற்றையும் வயரின் இழப்பையும்தான், வயர் இழப்பு மட்டுமே குறைந்திருக்கிறது.

கணினியில் பைதனில் சரிபார்க்க:

```
w = 2*3.14159265*50
I = 230/(30+40j) + 230*(1j*w*40e-6)
print(I, abs(I))
```

படி 5: விடை பிழைத்தால் எங்கே பார்ப்பது

4.6 + 2.89 என்று பருமன்களைக் கூட்டியிருப்பீர்கள், அதுதான் அதிகம் நடக்கும். அப்புறம் ω இடத்தில் 50 ஐப் போட்டுவிடுவது, அப்படிப் போட்டால் கொள்ளளவியின் மின்னோட்டம் 6.28 மடங்கு தவறும், அந்த எண்ணைக் கண்டதும் 2π ஐத் தேடுங்கள். கல்குலேட்டர் ஆரையனில் இருக்க நீங்கள் பாகையில் கொடுத்திருக்கலாம். 325 ஐயும் 230 ஐயும் ஒரே கணக்கில் கலக்கவும் கூடாது, ஒன்று உச்சம், மற்றது ஆர்எம்எஸ்.

சக்தி கணக்கிடும்போது மட்டும் V ஐயும் I ஐயும் அப்படியே பெருக்கக்கூடாது. பெருக்கினால் கோணங்கள் கூடிவிடும், நமக்கு வேண்டியது அவற்றின் வித்தியாசம். அதனால் I இன் உடன்புணரியை எடுத்துப் பெருக்க வேண்டும், அதன் மெய்ப்பகுதிதான் வாற். வோல்ற்றளவின் கோணத்தைப் பூச்சியம் என்று எடுத்த எங்கள் கணக்கில் மெய்ப்பகுதி இரண்டு முறையிலும் ஒன்றாகவே வரும், அதனால் பிழை வெளியே தெரியாமல் போய் அடுத்த கணக்கில் காலை வாரும்.

மோட்டரை ஆளி தட்டி ஓடவிடும் முதல் கணங்களுக்கு இதெல்லாம் செல்லாது. அப்போது இழுக்கிற பெரிய மின்னோட்டம் இன்னும் நிலைக்கு வராத சைன், வகையீட்டுச் சமன்பாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். எல்ஈடி பல்ப், சார்ஜர் மாதிரி அலையின் வடிவத்தையே கெடுக்கிற சாமான்களுக்கும் ஒரே ஒரு பேசர் போதாது.

பழக்கத்துக்கு ஒன்று: 40 க்குப் பதிலாக 80 மைக்ரோபரட் போட்டுக் கணக்கிடுங்கள். கொள்ளளவி j5.78 தரும், மொத்தம் 2.76 + j2.10, பருமன் 3.47 அம்பியர். கூடப் போட்டும் மின்னோட்டம் ஏறிவிட்டது, இந்தத் தடவை முந்திப் போகிறது. 2.76 அம்பியரில் சரியாக நிற்க எத்தனை மைக்ரோபரட் வேண்டும்? ωC × 230 = 3.68 என்று வைத்துப் பாருங்கள், 51 க்குக் கிட்ட வரும்.