கையெழுத்திட்டவர் இறந்துவிட்டால் வீட்டை விடவேண்டுமா? ஜேர்மனியில் தமிழ்க் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

டோர்ட்மன்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 1994இல் எடுத்த மூன்று அறை வீடு. அப்போது மனைவி ஊரிலிருந்து வந்து சேரவில்லை. அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கணவரின் கையெழுத்து மட்டும்தான். பிறகு மனைவி வந்தார், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், மகள் கலியாணம் முடித்து ஹம்பூர்க் போய்விட்டாள். 22 வயது மகன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். ஜூன் 10ஆம் திகதி தகப்பன் இறந்துபோகிறார். மூன்று கிழமைக்குள் வீட்டு உரிமையாளரிடமிருந்து கடிதம் வருகிறது. ஒப்பந்தக்காரர் இறந்துவிட்டதால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தொடர்ந்து இருக்க விரும்பினால் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், 610 யூரோவாக இருந்த வாடகை இனி 870 யூரோ என்கிறது கடிதம்.

இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கலங்கிப்போய்க் கையெழுத்து வைப்பதுதான் முதல் தவறு. இருப்பதிலேயே அதிக பணம் போவதும் இந்தத் தவறால்தான்.

வாடகைதாரர் இறந்ததும் ஒப்பந்தம் முடிந்துபோவதில்லை. ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 563ஆம் பிரிவின்படி, இறந்தவரோடு ஒரே வீட்டில் சேர்ந்து குடும்பம் நடத்திய கணவனோ மனைவியோ அந்த ஒப்பந்தத்துக்குள் தானாகவே வந்துவிடுகிறார். விண்ணப்பம் இல்லை, உரிமையாளரின் சம்மதமும் தேவையில்லை. இறந்த அந்த நிமிடத்திலேயே சட்டம் அவரை வாடகைதாரர் ஆக்கிவிடுகிறது. அதே வாடகை, அதே நிபந்தனைகள். வாடகையைக் கூட்ட வேண்டுமானால் வழமையான விதிகளின்படிதான் உரிமையாளர் கூட்டலாம். அதாவது அந்த ஊரில் அதுபோன்ற வீடுகளுக்குள்ள ஒப்பீட்டு வாடகை வரைக்கும், அதிலும் மூன்று வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல். வீட்டுத் தட்டுப்பாடுள்ள இடங்களில் அது 15 சதவீதம். 610க்கு 20 சதவீதம் கூட்டினாலும் 732தான் வரும். 870 யூரோவை அந்த அம்மா தானாகக் கையெழுத்து வைத்தால் மட்டுமே உரிமையாளர் வாங்க முடியும். இந்த உரிமையைக் குறைக்கும் வரி பழைய ஒப்பந்தத்தில் ஏதாவது இருந்தாலும் அது செல்லாது.

ஆகவே அந்தக் கடிதத்துக்கு இரண்டு வரி பதில் போதும். இன்ன திகதியில் கணவர் இறந்துவிட்டார், 563ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் என்னுடன் தொடர்கிறது, வாடகை இனி இந்தக் கணக்கிலிருந்து வரும். வேறெதிலும் கையெழுத்து வேண்டாம்.

ஒப்பந்தத்தில் தொடக்கத்திலிருந்தே இருவரும் கையெழுத்திட்டிருந்தால் இன்னும் எளிது. மற்றவர் பழையபடி வாடகைதாரராக இருக்கிறார், அவ்வளவுதான். போக விரும்பினால், இறப்பை அறிந்து ஒரு மாதத்துக்குள் அவர் ஒப்பந்த முறிப்புக் கடிதம் கொடுக்கலாம்.

மனைவி இல்லையென்றால், அல்லது அவர் வேண்டாமென்றால், அந்த வீட்டில் சேர்ந்து வாழ்ந்த பிள்ளைகளுக்கு அதே உரிமை வருகிறது. ஒரே குடும்பமாக அங்கே வாழ்ந்த தாய், தகப்பன், சகோதரம் போன்ற மற்ற உறவினர்களுக்கும் உண்டு. கலியாணம் முடிக்காமல் நீண்டகாலமாகச் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் உண்டு. ஆனால் பதிவு வேறு, வாழ்வது வேறு. நகரசபையில் அந்த முகவரியில் பதிந்திருப்பது ஒரு ஆதாரம், அது மட்டும் போதாது. ஹம்பூர்க் மகள் தன் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தாலும் அவளுக்கு இந்த உரிமை இல்லை. தகப்பன் இறந்தபிறகு தாயோடு வந்து இருந்தாலும் அது பின்னோக்கி வேலை செய்யாது. படிப்புக்காகவோ ஆஸ்பத்திரியிலோ கொஞ்சக்காலம் வெளியே இருந்தவரின் உரிமை அதனால் போய்விடாது. உரிமையாளர் சந்தேகப்பட்டால் காப்புறுதிக் கடிதங்கள், வங்கிக் கூற்று, அயலவர் சாட்சி என்று காட்ட வேண்டிவரும்.

அந்தியேட்டியும் ஒரு மாதமும்

எங்கள் வழக்கத்தில் எட்டுச் செலவு, பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டி. அதுவரைக்கும் காகித வேலைகளைத் தொடாத வீடுகள் நிறைய உண்டு. தொடர விருப்பமில்லை என்று அறிவிக்கச் சட்டம் கொடுக்கும் கெடுவும் ஒரு மாதம்தான். இறந்ததை அறிந்த நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. நம் கணக்கில் ஜூன் 10இல் தொடங்கினால் ஜூலை 10இல் முடியும். அந்தியேட்டி நடக்கும் நாளும் அதேதான். வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிட்டு மேசையில் உள்ள கடிதங்களைப் பிரிக்கும்போது கெடு போய்விட்டிருக்கும்.

இருக்க விரும்பும் குடும்பத்துக்கு இதனால் நட்டமில்லை. பேசாமல் இருந்தால் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். போக விரும்பும் குடும்பத்துக்குத்தான் மௌனம் ஆபத்து. அந்த ஒரு மாதத்துக்குள் தொடர விருப்பமில்லை என்று உரிமையாளரிடம் அறிவித்தால், அவர் ஒப்பந்தத்துக்குள் வரவேயில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். கெடு தாண்டினால் சாதாரண வாடகைதாரரைப் போல மூன்று மாத அறிவித்தல் கொடுத்துத்தான் வெளியேற வேண்டும், அதுவரை வாடகை தன் பையிலிருந்து.

தாய் மகளோடு ஹம்பூர்க் போக முடிவு செய்கிறார், தான் தொடரவில்லை என்று எழுதிக் கொடுக்கிறார். சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் தாய் விலகியதும் அந்த வீட்டில் வாழும் 22 வயது மகன் சட்டப்படி வாடகைதாரர் ஆகிவிடுகிறான். ஒவ்வொருவரும் தனக்காகத் தனியே அறிவிக்க வேண்டும். வீட்டில் இருந்த எல்லோரும் ஒரே கடிதத்தில், ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது.

எல்லோரும் விலகிவிட்டார்கள் என்றாலும் ஒப்பந்தம் இறந்துபோவதில்லை. அது வாரிசுகளிடம் போகிறது. அந்த வாரிசுகள் பெரும்பாலும் அதே தாயும் மகனும், ஹம்பூர்க் மகளும்தான். வீட்டில் வாழ்ந்தவர் என்ற முறையில் வெளியேறிவிட்டு, வாரிசு என்ற முறையில் திரும்ப உள்ளே வருகிறார்கள். அதனால் இரண்டாவது கடிதமும் வேண்டும், வாரிசுகள் கொடுக்கும் ஒப்பந்த முறிப்பு. வாரிசுகள் எல்லோரும் அதில் சேர வேண்டும், காகிதத்தில் மையால் கையெழுத்து இருக்க வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் உரிமையாளர் கையில் கிடைத்தால், அந்த மாதத்தோடு சேர்த்து மூன்றாவது மாத முடிவில் ஒப்பந்தம் முடியும். நம் உதாரணத்தில் ஜூலை முதல் மூன்று வேலைநாளுக்குள் கிடைத்தால் செப்டெம்பர் 30. ஜூலை 8இல் கிடைத்தால் ஒக்டோபர் 31. ஐந்து நாள் பிந்தியதற்கு ஒரு மாத வாடகை.

வீட்டில் கூட வாழ்ந்தவர் யாரும் இல்லாமல் நேரே வாரிசுகளிடம் ஒப்பந்தம் போகும்போது உரிமையாளருக்கும் அதே உரிமை உண்டு. காரணம் எதுவும் சொல்லாமலே அந்த ஒரு மாதத்துக்குள் முறிக்கலாம். தகப்பனின் வீட்டில் நான் இருந்துகொள்கிறேன் என்று வெளியூர் மகன் ஒருவர் நினைத்தால், வாரிசு என்பது அவருக்கு இங்கே பலமாக நிற்காது.

கடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்?

தகப்பனுக்குக் கடன் இருந்திருந்தால், சொத்தும் வேண்டாம் கடனும் வேண்டாம் என்று வாரிசுரிமையைத் துறக்கலாம். அதற்கு ஆறு கிழமை அவகாசம், மரபுரிமை நீதிமன்றத்திலோ நோட்டார் முன்போ செய்ய வேண்டும். துறந்தால் வீடும் போய்விடுமே என்ற பயத்தில் பலர் துறக்காமல் விட்டுக் கடனைச் சுமக்கிறார்கள். வீட்டு ஒப்பந்தத்துக்குள் வருவதும் வாரிசாவதும் இரண்டு தனித்தனிப் பாதைகள். மனைவி வாரிசுரிமையைத் துறந்துவிட்டும் அந்த வீட்டில் வாடகைதாரராகத் தொடரலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டோடு ஒட்டிய பழைய கடன், அதாவது கட்டாமல் விட்ட வாடகை, வெப்பம் தண்ணீர் போன்ற உபசெலவு மிச்சம், தொடர்பவர் தலையிலும் விழும். உரிமையாளர் வாரிசிடமும் கேட்கலாம், தொடரும் மனைவியிடமும் கேட்கலாம். மனைவி கட்டினால் வாரிசுகளிடம் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, ஆனால் எல்லோரும் துறந்துவிட்டால் யாரிடம் கேட்பது? ஆகவே முதல் மாதத்துக்குள்ளேயே உரிமையாளரிடம் வாடகைக் கணக்கின் நிலுவையை எழுத்தில் கேளுங்கள். நான்கு மாத வாடகை பாக்கி இருப்பது தெரிந்தால், தொடர்வதா விலகுவதா என்ற முடிவே மாறக்கூடும். கவுட்சியோன் என்ற வீட்டுப் பிணைப்பண விடயத்தில், இறந்தவர் அதைக் கட்டியிருந்தால் புதிதாகக் கேட்க முடியாது. கட்டவில்லையென்றால் கேட்கலாம், உபசெலவு சேராத மூன்று மாத வாடகை வரைக்கும்.

வாடகை நின்றுபோவது

நல்ல உரிமையோடு நிற்கும் குடும்பமும் சறுக்கும் இடம் இது. வாடகை தகப்பனின் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருக்கும். இறப்பு வங்கிக்குத் தெரியவந்ததும் கணக்கு முடக்கப்படலாம், அல்லது சம்பளம் வராமல் பணம் தீர்ந்துபோகலாம். ஜூலை வாடகை போகாது, ஓகஸ்ட் வாடகையும் போகாது. வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு மாதத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் பாக்கி விழுந்தால் உரிமையாளர் உடனடியாக ஒப்பந்தத்தை முறிக்கலாம். 563ஆம் பிரிவு இதிலிருந்து யாரையும் காப்பாற்றாது. இறப்புச் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே, அடுத்த மாத வாடகையை வேறு கணக்கிலிருந்து, இறந்தவரின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் குறிப்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

இனி உரிமையாளர் எப்போது உண்மையிலேயே மறுக்கலாம்? தொடர்பவர் உறுதியாக ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டார் என்று அறிந்து ஒரு மாதத்துக்குள், அந்த ஆளைப் பற்றிய பாரதூரமான காரணம் இருந்தால் முறிக்கலாம். அயலவரை அடித்தவர், உரிமையாளரோடு ஏற்கெனவே கடும் பகை உள்ளவர் என்பது போன்றவை. சம்பளம் குறைவு, இனி வாடகை கட்டமாட்டார் என்ற ஊகம் மட்டும் போதாது. 2018 ஜனவரியில் ஜேர்மனியின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், இறந்தவரோடு வாழ்ந்த துணை ஒருவரின் வழக்கில் இதைத்தான் சொன்னது. வருமானம் போதாது என்றால் அதற்கு உறுதியான சான்றுகள் வேண்டும், அரச உதவி, சேமிப்பு, கூட வாழ்பவரின் பங்கு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கணவனை இழந்து பகுதி நேரமாகத் துப்புரவு வேலை செய்யும் ஒருவரிடம், நீ கட்டமாட்டாய் என்று எழுதும் உரிமையாளருக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பதில் எழுதலாம். அதை உங்கள் ஊர் வாடகையாளர் சங்கத்தில் உறுப்பினராகி அவர்கள் மூலம் எழுதுவித்தால் இன்னும் நல்லது. கடிதத்தின் உறையைத் தபால் முத்திரையோடு எடுத்துப் போங்கள், அது எந்த நாளில் கைக்கு வந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.