ட்ரில் பிட் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவாஸ் பக்கம் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. மரை வெட்டும் டேப்புக்கு எந்த அளவு துளை வேண்டும் என்று சொல்லும், சுவரில் ஒட்டியிருக்கும் டேப் சார்ட் மில்லிமீட்டரில் இருக்கும். டிராயரில் கிடக்கும் பிட்களோ பாதிக்கு மேல் இஞ்ச் கணக்கு: சிலவற்றில் எண், சிலவற்றில் எழுத்து, சிலவற்றில் பின்னம். எம் 6 மரை போட 5.0 பிட் தேடினால் அது மட்டும் இருக்காது. உடனே ஒரு தம்பி வந்து கேட்பார்: “அண்ணே, 13/64 இருக்கு. கணக்குப் போட்டேன், 5.08 வருது. போடலாமா?”

கூடாது. 13-ஐ 64-ஆல் வகுத்தால் 0.203125. அதை 0.20 என்று சுருக்கிவிட்டு 25.4-ஆல் பெருக்கியதால்தான் 5.08 வந்தது. சரியான கணக்கு இது:

```
13 / 64 * 25.4 = 5.159
```

வித்தியாசம் 0.08 மில்லிமீட்டர்தான், ஆனால் அதுவே காரியத்தைக் கெடுத்துவிடும். சாதாரண 6ஹெச் தரத்தில் எம் 6 மரையின் உள்விட்டம் 4.917-லிருந்து 5.153 வரை இருக்கலாம். 5.08 அதற்குள் வருகிறது, 5.159 வெளியே போய்விடுகிறது. அதனால் நடுவில் எங்கும் சுருக்காமல் கால்குலேட்டரில் ஒரே மூச்சாகப் போட்டு, கடைசியில் மூன்று தசமத்தில் நிறுத்துங்கள். மனக்கணக்குக்காக 25-ஆல் பெருக்குவதும் இதே ரகம்தான்.

எண் பிட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. எண்ணிலிருந்து அளவைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது, அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். எண் கூடக் கூட பிட் மெலியும்: 1-ஆம் எண் 5.791, 7-ஆம் எண் 5.105, 80-ஆம் எண் வெறும் 0.343. ஸ்க்ரூ எண்ணுக்குச் சூத்திரம் உண்டு. அதை பிட்டுக்கும் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, அங்கேதான் வினை. 8-ஆம் எண் ஸ்க்ரூவின் வெளிவிட்டம் 4.166, 8-ஆம் எண் பிட் 5.055. பெயரில்தான் ஒற்றுமை.

எழுத்து பிட்கள் ஏ-யில் 5.944-ல் தொடங்கி, எண் பிட்டுக்கு நேர்மாறாக, இசட் வரை தடித்துக்கொண்டே போகும். இதில் ‘ஐ’ எழுத்தின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. தேய்ந்த ஷேங்க்கில் அது 1 மாதிரியே தெரியும். ‘ஐ’ என்றால் 6.909, 1 என்றால் 5.791. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால், வெர்னியர் வைத்தால் நொடியில் தெரிந்துவிடும். அளக்கும்போது ஷேங்க்கைப் பிடிக்காதீர்கள். சக்கில் சுற்றிச் சுற்றி அங்கே பிசிறு ஏறியிருக்கும். நுனிக்குப் பக்கத்தில், பள்ளங்களின் ஓரமாக ஓடும் மெல்லிய விளிம்புகளான இரண்டு மார்ஜின்களின் மேல் வைத்து அளக்க வேண்டும்.

சரி, மாற்றியாயிற்று. அடுத்து சார்ட்டில் இருக்கும் 5.0-க்கு “ரொம்பப் பக்கத்தில்” இருக்கிறது என்று ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். எம் 6-க்கு 7-ஆம் எண்ணைப் பாருங்கள். 5.105, எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிட்டும் தன் அளவிலேயே துளை போடுவதில்லை, கொஞ்சம் பெரிதாகத்தான் போடும். முனை ஒருபக்கமாகத் தீட்டப்பட்டிருந்தால் இன்னும் மோசம். 0.05 கூடினாலே துளை 5.155 ஆகிவிடும், எல்லை தாண்டிவிடும். டேப் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு உள்விட்டத்துக்கான பிளக் கேஜின், போகவே கூடாத நோ-கோ முனை உள்ளே போகும்போதுதான் விஷயம் தெரியும். சார்ட்டின் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு மேல் எல்லையோடு ஒப்பிட்டு, துளை பெருப்பதற்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 5.0 பிட்டுக்கு 0.15 இடம் இருக்கிறது, 7-ஆம் எண்ணுக்கு 0.05 கூட இல்லை.

அதே 7-ஆம் எண், இஞ்சுக்கு 20 மரை உள்ள கால் இஞ்ச் யூஎன்சி மரைக்கு மிகப் பொருத்தம். அமெரிக்க டிராயிங்கில் அடிக்கடி வரும் அளவு அது. 2பி தரத்தில் அதன் உள்விட்ட எல்லை 4.978-லிருந்து 5.258 வரை. தம்பி கொண்டுவந்த 13/64-உம் இங்கே தாராளமாகப் போகும். மாறாக, எம் 6-க்கான 5.0-ஐ இதற்குப் போட்டால் எல்லைக்குள் வரும், ஆனால் மரை ஆழம் கூடி டேப் இறுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் டேப் ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இந்த எண்கள் எல்லாம் வெட்டும் டேப்புக்கு மட்டும்தான். ஃபார்மிங் டேப் உலோகத்தை வெட்டாமல் பிதுக்கி மரை ஆக்கும், அதனால் எம் 6-க்கே சுமார் 5.5 துளை கேட்கும். சில சார்ட்களில் இரண்டு பத்திகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், விரல் வைத்துப் படியுங்கள்.