தாய்லாந்து மொழியைக் கணினியில் சொல் சொல்லாகப் பிரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தாய்லாந்து மொழியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரு வாக்கியமோ தொடரோ முடியும் இடத்தில்தான் பெரும்பாலும் இடைவெளி வரும். அதனால் இடைவெளியை வைத்துப் பிரித்தால் ஒரு முழுத் தொடரே ஒரு 'சொல்'லாக வந்து நிற்கும். இது உடனே கண்ணில் படுகிற தவறு என்பதால் பிரச்சினை இல்லை. கண்ணில் படாதவைதான் வம்பு.

முதல் சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான்: அகராதியை எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாகப் போய், ஒவ்வொரு இடத்திலும் பொருந்துகிற மிக நீளமான சொல்லை வெட்டிக்கொண்டே போவது. எளிமையான வழி, பல இடங்களில் சரியாகவும் வரும். ஆனால் பாடப்புத்தக உதாரணம் ஒன்று இதைக் கவிழ்த்துவிடும்:

```
ไปหามเหสี
ไป | หาม | เห | สี
ไป | หา | มเหสี
```

இரண்டாவது வரிதான் நீளமானதைப் பிடிக்கும் முறை தருவது: 'போ, தோளில் சுமந்து போ, திசை விலகு, நிறம்'. உண்மையில் எழுதியவர் சொல்ல வந்தது மூன்றாவது வரி, 'அரசியைப் பார்க்கப் போ'. 'ஹா' என்ற சொல்லோடு நிறுத்தாமல் நடுவில் இருக்கும் ம-வையும் சேர்த்து 'ஹாம்' என்று பேராசையில் பிடித்ததால் அரசி துண்டு துண்டாகிவிட்டாள். துண்டுகள் எல்லாமே அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

சரி, அப்போ எல்லாப் பிரிப்புகளையும் போட்டுப் பார்த்து, குறைந்த சொற்கள் உள்ளதை எடுக்கலாமே? மேலே உள்ளதில் நான்குக்கு எதிராக மூன்று, அரசி பிழைத்தாள். ஆனால் அதையே முழுதாக நம்புவது அடுத்த தவறு:

```
ตากลม
ตา | กลม
ตาก | ลม
```

முதல் பிரிப்பு 'தா க்லோம்', உருண்டைக் கண்கள். அடுத்தது 'தாக் லோம்', காற்று வாங்குவது. இரண்டிலும் இரண்டு சொற்கள், எண்ணி என்ன பயன்? முன்னால் 'உட்கார்ந்து' என்று இருந்தால் காற்று என்று ஊகிக்கலாம், முகத்தை வர்ணிக்கும் இடமென்றால் கண்கள். 'குழந்தை' என்று மட்டும் இருந்தால் தாய்லாந்து மொழிக்காரரும் அடுத்த வரியைப் படித்துத்தான் முடிவு செய்வார். இப்படிப்பட்ட இடங்களில் சூழலைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கணினி மாதிரிதான் கைகொடுக்கும், அதுவும் எப்போதும் அல்ல.

தேடல் வசதி செய்பவர்கள் இன்னொன்றில் மாட்டுகிறார்கள். ஆவணங்களை ஒரு கருவியாலும் தேடல் சொல்லை வேறொன்றாலும் பிரிப்பார்கள், அல்லது நடுவில் அகராதியைப் புதுப்பித்துவிட்டுப் பழைய தேடல் அட்டவணையை அப்படியே விடுவார்கள். ஆவணத்தில் 'காற்று' பிரிப்பு, தேடலில் 'கண்' பிரிப்பு என்றால், எழுத்து எழுத்தாக அதே சொற்றொடர் இருந்தும் முடிவு பூஜ்யம். இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்தாலாவது முழுத் தொடரைத் தேடும்போது கிடைத்துத் தொலைக்கும், ஆனால் 'கண்' என்று தனியாகத் தேடினால் அப்போதும் கிடைக்காது. தேடல் ஏதாவது காணாமல் போகிறதென்று தோன்றினால், முதலில் இரு பக்கப் பிரிப்பையும் மேலே உள்ளது போலக் கோடு போட்டு அச்சிட்டுப் பாருங்கள், அப்புறம் தரவரிசையைச் சந்தேகப்படலாம்.