‘நான்’ என்ற சொல்லில் ஏன் இரண்டு ன? சொல்லின் இரு முனைகளையும் சோதிக்கும் முறை

தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்பார்கள்: “நான் என்று எழுதும்போது முதலில் ந, கடைசியில் ன். ரெண்டும் ஒரே மாதிரிதானே கேட்கிறது?” கேள்வி நியாயமானது. இன்று பெரும்பாலானோர் பேச்சில் இரண்டும் ஒரே ஒலிதான். பதில் சொல்லின் இரு முனைகளில் இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம் என்பதற்குக் கறாரான ஒழுங்கு உண்டு. தொல்காப்பியமும் நன்னூலும் அதை நூற்பாக்களாகச் சொல்கின்றன. நாம் நூற்பாவிலிருந்து தொடங்காமல், நம் வாயில் இருக்கும் சொற்களிலிருந்தே அதைக் கண்டுபிடிப்போம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: இருபது சொற்களை எழுதுங்கள்

உடல், உணவு, மரம், விலங்கு, நிலம் என்று அன்றாடப் பொருள்களின் பழைய சொற்களாகப் பொறுக்குங்கள். நான் எழுதிய இருபது இவை:

கண், கால், கடல், காடு, கீழ், சோறு, தேன், தோள், நாய், நீர், பல், பால், புல், மண், மரம், மீன், வாய், வேர், யானை, ஞாயிறு.

உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பன்னிரண்டு உயிரும் சொல்லுக்கு முதலில் வரும் (அடி, ஆடு, இலை… என்று ஔவை வரை), அதனால் அங்கே தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மெய்யெழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது.

படி 2: முதல் மெய்யையும் கடைசி மெய்யையும் தனித்தனியே குறியுங்கள்

‘கால்’ என்பதை க்+ஆ+ல் என்று பிரிக்க வேண்டும். முதலில் க், கடைசியில் ல். எழுத்தின் வடிவத்தைப் பார்க்காமல் ஒலியைப் பாருங்கள். ‘காடு’ என்பது ட் என்ற மெய்யில் முடியவில்லை, உ என்ற உயிரில் முடிகிறது. தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

என் இருபது சொற்களில் முதலில் வந்த மெய்கள் ஒன்பது: க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ. கடைசியில் வந்த மெய்கள் எட்டு: ண், ம், ன், ய், ர், ல், ழ், ள். மீதி நான்கு சொற்கள் உயிரில் முடிந்தன: யானை ஐ-யில், காடு, சோறு, ஞாயிறு மூன்றும் உ-வில்.

இன்னும் இருநூறு சொற்களைச் சேர்த்தாலும், அவை தமிழுக்கே உரியவையாக இருந்தால், இந்த இரண்டு பட்டியலும் பெரிதாக வளராது. நன்னூல் முதலில் வரும் மெய்களில் ங-வையும் சேர்க்கிறது. அது அங்ஙனம், எங்ஙனம் போன்ற சொற்களில் சுட்டுக்கும் வினாவுக்கும் பின்னால் மட்டும் வருவது. ஈற்றில் ஞ், ந், வ் மூன்றையும் பழைய இலக்கணம் சேர்க்கிறது. அதற்குக் கிடைக்கும் சொற்களோ உரிஞ், வெரிந், பொருந், அவ், தெவ் என்று விரலில் எண்ணும் அளவுதான். இன்று யாரும் அவற்றைப் பேசுவதில்லை.

படி 3: பதினெட்டு மெய்யையும் நான்கு கட்டங்களில் போடுங்கள்

முதலில் மட்டும் வருபவை: க, ச, த, ப, ந, ஞ, வ.
ஈற்றில் மட்டும் வருபவை: ண, ன, ர, ல, ழ, ள.
இரண்டிலும் வருபவை: ம, ய.
இரண்டிலும் வராதவை: ட, ற, ங.

இப்போது ‘நான்’ தெளிவாகிவிட்டது. ந முதல் கட்டத்தில் இருக்கிறது, ன இரண்டாவதில். சொல்லின் நடுவிலும் த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று) என்று இரண்டும் இடத்தைப் பிரித்துக்கொள்கின்றன. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது பெரும்பாலும் வராது. அதனால் சொல்லின் முதலில் எந்த ன போடுவது என்று குழம்பவே வேண்டியதில்லை. தமிழ்ச் சொல் ன-விலோ ண-விலோ தொடங்காது.

இரண்டாவது கட்டத்தையும் சற்றுப் பாருங்கள். ண, ன, ர, ல, ழ, ள எல்லாமே நாக்கின் நுனி மேல்நோக்கி எழுந்து பிறக்கும் ஒலிகள். எங்கும் முதலில் வராத ட, ற இரண்டும் அப்படித்தான். இவற்றில் ண, ள, ழ, ட போன்ற நாவளை ஒலிகளின் அடையாளம், அவற்றுக்கு முன்னால் நிற்கும் உயிரின் முடிவில்தான் அதிகம் தெரிகிறது. ‘பள்’, ‘பல்’ என்று சொல்லிப் பாருங்கள். ள் வருவதற்கு முன்பே அ-வின் கடைசிப் பகுதி மாறிவிடுவதைக் கேட்கலாம். சொல்லின் முதலில் அப்படி முன்னால் நிற்க உயிர் இல்லை. ஆகவே அந்த இடத்தில் இவ்வொலிகளைப் பிரித்துக் கேட்பது கடினம். தமிழ் அந்த இடத்தை அவற்றுக்குக் கொடுக்கவே இல்லை.

படி 4: வல்லினம் எப்படி முடிகிறது என்று வாயில் கேளுங்கள்

ஈற்றுப் பட்டியலில் க், ச், ட், த், ப், ற் ஒன்றுகூட இல்லை. ஆனால் பாக்கு, பஞ்சு, வீடு, காது, உப்பு, சோறு எல்லாம் எப்படி வந்தன? வல்லினத்துக்குப் பின்னால் ஒரு உ தாங்குகிறது. அந்த உ-வும் முழு உ இல்லை.

‘உப்பு’ என்று மெதுவாகச் சொல்லுங்கள், கண்ணாடி முன் நின்றால் இன்னும் நல்லது. முதல் உ-வுக்கு உதடு குவிகிறது. கடைசி உ-வுக்குக் குவிவதில்லை, சட்டென்று அவிழ்ந்துவிடுகிறது. இதுதான் குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரைதான் என்பது இலக்கணக் கணக்கு. அடுத்து உயிர் வந்தால் அது நிற்பதுகூட இல்லை: நாடு + இல்லை = நாடில்லை. வல்லினத்தை அவிழ்த்துவிடத் தேவையான அளவே அங்கே ஓர் உயிர் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேச்சுத்தமிழ் இதை இன்னும் கறாராகப் பிடித்துக்கொள்கிறது. எழுத்தில் ‘கண்’, ‘பல்’, ‘நாள்’ என்று மெய்யில் முடிபவற்றுக்கும் வாய் ஓர் உ சேர்க்கிறது: கண்ணு, பல்லு, நாளு. குறில் வந்தால் மெய் இரட்டிக்கிறது, நெடில் வந்தால் இரட்டிப்பதில்லை. அப்புறம் வெளியிலிருந்து வந்த சொல்லும் இதே வாய்க்குள்தான் நுழைந்தாக வேண்டும்: கப் என்பது கப்பு, பஸ் என்பது பஸ்ஸு, கார் என்பது காரு. கேலி செய்வதற்கு இதில் ஒன்றுமில்லை. இலக்கணம் படிக்காத பாட்டியின் வாயிலும் அந்த ஒழுங்கு அப்படியே இருக்கிறது என்பதற்குச் சாட்சி இது.

படி 5: ஒரு சொல்லைச் சோதியுங்கள்

‘ரப்பர்’ எடுத்துக்கொள்வோம். ஈறு ர், அது சரி. முதல் ர, அது இரண்டாவது கட்டம், ஆகவே தமிழ்ச் சொல் இல்லை. ‘டிக்கெட்’ இரு முனையிலும் தோற்கிறது. பேச்சில் ‘டிக்கெட்டு’ என்று ஈறு மட்டும் சரியாகிறது.

பழைய காலத்தில் முதல் முனையையும் சரிசெய்தார்கள். ராமன் இராமன் ஆனான், லாபம் இலாபம் ஆனது, லோகம் உலோகம் ஆனது, ரோமம் உரோமம் ஆனது. ஓ, ஊ போல உதடு குவியும் உயிர் அடுத்து இருந்தால் முன்னால் உ சேர்கிறது, மற்ற இடங்களில் பெரும்பாலும் இ. ரங்கன் அரங்கன் ஆனதுபோல அ சேர்வதும் உண்டு. யமன் இயமன் ஆனதும் இதே வேலைதான். தொல்காப்பியக் கணக்கில் ய-வில் தொடங்க ‘யா’ ஒன்றுக்கே அனுமதி. அந்த யா-வும் பல சொற்களில் தேய்ந்துவிட்டது. யாடு ஆடானது, யாமை ஆமையானது, யாண்டு ஆண்டானது.

எங்கே ஏமாறுவோம்

‘மரத்தைப் பார்’ என்று எழுதும்போது ‘மரத்தைப்’ என்பது ப்-இல் முடிகிறதே என்று சிலர் திகைப்பார்கள். அந்த ப் அடுத்த சொல்லின் முதல் ஒலி இரட்டித்ததால் வந்தது. ‘மரத்தை’ என்று தனியே நிறுத்தினால் அது மறைந்துவிடும். ஆகவே சோதிக்கும் சொல்லைத் தனியாக நிறுத்திச் சொல்லிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

‘டக்கென்று’, ‘லபக்கென்று’ போன்ற ஒலிக்குறிப்புகளும் விதிக்குள் வராது. அவை சத்தத்தை அப்படியே வாயால் செய்து காட்டுபவை.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் தமிழ்ச் சொல்தான் என்றும் எண்ணிவிடாதீர்கள். மேசை, சாவி இரண்டும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை, இரண்டும் அழகாகத் தேறிவிடும். தோற்றால் ஐயப்படலாம், தேறினால் எதுவும் நிரூபணமாகாது.

தோற்பதிலும் ஒரு விதிவிலக்கு. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே ‘ரெண்டும்’ என்று ஒரு சொல் வந்தது. ர-வில் தொடங்குகிறது, ஆனாலும் சுத்தமான தமிழ்தான். இரண்டு என்பதன் முதல் உயிரைப் பேச்சு உதிர்த்துவிட்டது. ‘நிரம்ப’ என்பதுகூட முன்பக்கம் தேய்ந்துதான் ‘ரொம்ப’ ஆனது என்பார்கள். தெலுங்கு இந்த வழியில் இன்னும் வெகுதூரம் போய்விட்டது. நம் உரல் அங்கே ‘ரோலு’, நம் உள் அங்கே ‘லோ’. முன்னால் நின்ற உயிர் இடம் மாற, ர-வும் ல-வும் சொல்லின் வாசலுக்கு வந்துவிட்டன. எழுத்துத்தமிழில் மட்டும் அந்த இ-யும் உ-வும் இன்னும் அதே இடத்தில் நிற்கின்றன.