தீபாவளித் தள்ளுபடிக்குக் கூப்பன் கோட்: தப்பில்லாமல் தட்டச்சாகும் பெயரை எப்படி வைப்பது?

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் அக்கா ஒருவருக்கு நான்தான் தளம் போட்டுக் கொடுத்தேன். தீபாவளிக்கு 20 சதவீதத் தள்ளுபடி. கூப்பன் கோட் என்ன வைக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. DEEPAVALI20 என்று வைத்துவிட்டேன். அறிவிப்பு போன மறுநாளே அக்காவிடமிருந்து அழைப்பு: "தம்பி, கோட் செல்லலைன்னு காலையிலேருந்து போன் மேல போன். என்னன்னு பாருப்பா."

வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். ஒருவர் DIWALI20, இன்னொருவர் DEEPAWALI20, மூன்றாமவர் DIPAVALI20. யார் மீதும் தப்பில்லை. எல்லாரும் காதில் கேட்டதை அவரவர் பழக்கப்படி எழுதியிருக்கிறார்கள். தப்பு பெயர் வைத்த என்னுடையது. அதே கோட்டுக்கு வேறு பெயர் தேடிய கதைதான் இந்தச் செய்முறை.

படி 1: ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள சொல்லைத் தேடுங்கள்

நம்முடைய சிக்கல் ஆங்கிலக் கடைக்காரருக்குக் கிடையாது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத நமக்குப் பொதுவான முறை இல்லை. 'த' ஒருவருக்கு T, ஒருவருக்கு TH, இன்னொருவருக்கு DH. நெடில் வந்தால் AA போடுபவரும் உண்டு, ஒற்றை A-வோடு விடுபவரும் உண்டு. ஒற்று இரட்டித்தால் PP-யா ஒற்றை P-யா என்ற குழப்பம். 'ழ' வந்தால் ZH, L இரண்டும் வரும்.

மத்தாப்பு என்பதில் இவற்றில் முதல் மூன்று சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன: MATHAPPU, MATTAPPU, MATHAAPU என்று எப்படியும் வரும். பட்டாசும் அப்படித்தான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இவை வேண்டாம்.

குறில் எழுத்துகளும் ம, ர, ல, ந போன்றவையும் உள்ள சின்னச் சொற்கள் பெரும்பாலும் தப்பிக்கும். நெடிலில் ஒரு விதிவிலக்கு உண்டு. 'ஓ' வந்தால் யாரும் OO போடுவதில்லை, போட்டால் 'ஊ' என்று படித்துவிடுவார்கள். அதனால் கோலம் எல்லார் கையிலும் KOLAM தான். பொங்கலுக்கு விற்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: PONGAL என்பதை வேறு மாதிரி எழுதி நான் பார்த்ததில்லை. தீபாவளிக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பண்டிகையின் பெயரே இரண்டு எழுத்துக்கூட்டலில் ஊரெங்கும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

நான் எடுத்துக்கொண்ட பட்டியல் இது:

```
OLI20
VEDI20
SARAM20
```

படி 2: கண்ணால் பாருங்கள்

பெயரைக் கைப்பேசியில் சின்ன எழுத்தில் ஒரு முறை, பெரிய எழுத்தில் ஒரு முறை பாருங்கள். ஒளி என்ற பொருளில் வைத்த OLI20 இங்கேயே விழுந்தது. முதல் எழுத்து O-வா பூஜ்யமா என்று தெரியவில்லை, கடைசி I அச்சில் 1 என்ற எண்ணாகவோ சிறிய l ஆகவோ தெரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே 20 வேறு. எழுத்தும் எண்ணும் சேரும் இடத்தில் O, I, L வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கவலைப்பட வேண்டாம். இணையக் கடை நடத்தப் பயன்படும் WooCommerce, Shopify இரண்டிலுமே கூப்பன் கோட் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. போஸ்டரில் மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள், அதில் குழப்பம் குறைவு. நடுவே இடைவெளி, கோடு, அடிக்கோடு எதுவும் வேண்டாம். "சரம் ஹைஃபன் இருபது" என்று போனில் சொல்லிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

படி 3: எண்ணில் பொய் இருக்கக் கூடாது

கடைசியில் வரும் எண்ணைப் பார்த்தால் வாங்குபவர் அதைத் தள்ளுபடி என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆண்டைக் குறிக்க SARAM26 என்று வைத்தீர்களோ, 26 சதவீதம் எங்கே என்று கேட்பார்கள். 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 20 மட்டும் இருக்கட்டும்.

15, 50 இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னால் போனில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' ஒன்றுபோல்தான் கேட்கும். தமிழில் பதினைந்து, ஐம்பது என்று சொன்னால் அந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அறுபதும் எழுபதும் இரைச்சலில் கொஞ்சம் ஏமாற்றும்.

இன்னொன்று: SARAM20 இருந்தால் SARAM30, SARAM50 இருக்குமா என்று போட்டுப் பார்க்க ஆட்கள் உண்டு. சோதனைக்காகப் போட்ட பழைய கோட் ஏதாவது உயிரோடு கிடந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

படி 4: போனில் சொல்லிப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டால் மற்றப் படிகளால் பயனில்லை. தளத்தைப் பற்றி எதுவும் தெரியாத நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "சரம் இருபதுன்னு டைப் பண்ணி வாட்ஸாப்ல அனுப்புங்க." எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். வந்ததை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் வேறு மாதிரி எழுதினாலே அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

எனக்கு VEDI20 மேல்தான் ஆசை. ஆனால் வெடி என்றதும் அம்மாவின் கைப்பேசி video என்று மாற்றி அனுப்பியது. கீபோர்டின் தானியங்கித் திருத்தம் செய்த வேலை. அவர் கவனிக்கவும் இல்லை. ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு மிக அருகில் இருக்கும் பெயருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எழுத்தெழுத்தாகச் சொன்னாலும் வி, ஈ, டி மூன்றும் காதில் ஒன்றோடொன்று கலந்தன.

சரம் பிழைத்தது. ஒருவர் மட்டும் 'சாரமா?' என்று கேட்டார்; ஆனாலும் எழுதியது SARAM தான். எழுத்துக்கூட்ட வேண்டி வந்தால் எஸ் என்பது எஃப் ஆகவும், எம் என்பது என் ஆகவும் கேட்கலாம். அதனால் அக்காவுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "எஸ் ஃபார் சேலம், எம் ஃபார் மதுரை." பட்டாசுச் சரம், பூச்சரம் இரண்டும் நினைவுக்கு வருவதால் சொல் மனதில் நிற்கவும் செய்தது.

படி 5: தவறாக எழுதுபவருக்கும் கதவைத் திறந்து வையுங்கள்

பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தீபாவளித் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு DIWALI20 என்று தானே ஊகித்து அடிப்பவர் இருப்பார். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அதே தள்ளுபடி, அதே முடிவுத் தேதியோடு இரண்டு துணைக் கோட்களைச் சேர்த்துவிடுங்கள். விளம்பரத்தில் எங்கும் போட வேண்டாம்.

```
SARAM20
DEEPAVALI20
DIWALI20
```

இதில் ஒரு பள்ளம் உண்டு. WooCommerce-இல் `Usage limit per user` என்பது கோட் வாரியாகத்தான் கணக்காகும். ஆளுக்கு ஒரு முறை என்று வைத்தாலும் மூன்று கோட்களையும் அறிந்தவர் மூன்று ஆர்டர் போடலாம். ஒரே ஆர்டரில் மூன்றையும் அடுக்குவதை மட்டும் `Individual use only` தடுக்கும், மூன்றிலும் அதை டிக் செய்யுங்கள். சேலைக்கடை அளவில் இந்த நஷ்டம் தாங்கக்கூடியது என்று நினைத்தேன். லாபம் மிகக் குறைவான பொருள் என்றால் துணைக் கோட் வேண்டாம், ஒன்றே போதும்.

கடைசியாக, உங்கள் சொந்தக் கைப்பேசியில் ஒரு சோதனை ஆர்டர் போடுங்கள். கீபோர்ட் காட்டும் பரிந்துரையைத் தட்டினால் சொல்லின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியோடு போட்டாலும் கோட் செல்கிறதா என்று பாருங்கள். செல்லவில்லையென்றால் போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் தளம் போட்டுக் கொடுத்தவரைப் பிடியுங்கள்.