ரியல்-டைம் சிஸ்டத்தில் டாஸ்க் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மோட்டார் கட்டுப்பாட்டு போர்டை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு டாஸ்க்குகள். முதலாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மோட்டாரின் வேகத்தைப் படித்துத் திருத்தம் அனுப்புகிறது. அதிகபட்சம் 3 மி.செ. வேலை. இரண்டாவது 50 மி.செ.க்கு ஒரு முறை சென்சார் அளவுகளைத் தொகுத்துத் திரையில் காட்டுகிறது. அதிகபட்சம் 20 மி.செ. வேலை. சிபியு 70 சதவீதம்தான் பிஸி. இதில் என்ன பிரச்சினை வரப்போகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

வாடிக்கையாளர் கண்ணில் படுவது திரைதானே, அதுதான் முக்கியம் என்று அதற்கு மேல் முன்னுரிமை கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தயாரானால் திரை டாஸ்க் 20 மி.செ. ஓடி முடிக்கும் வரை மோட்டார் டாஸ்க் வாசலிலேயே நிற்கும். அதற்குள் அடுத்தடுத்து இரண்டு கெடுக்கள் தவறிவிடும். சிபியுவில் 30 சதவீதம் சும்மா கிடந்தும் இந்த நிலை. இப்போது முன்னுரிமையை மாற்றிப் போடுங்கள். மோட்டார் டாஸ்க் 3 மி.செ.யில் முடிந்துவிடும். திரை டாஸ்க் முடிவதற்குள் அது மூன்று முறை ஓடும். 20 + 9, ஆக 29 மி.செ.யில் திரை வேலையும் முடிந்துவிடும். 50 வரை நேரம் இருக்கிறதே! எது முக்கியம் என்று பார்த்து முன்னுரிமை கொடுக்காதீர்கள். எது அடிக்கடி ஓட வேண்டுமோ அதற்கு மேலிடம் கொடுங்கள்.

லினக்ஸின் வழக்கமான ஷெட்யூலரில் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. அங்கே நோக்கம் வேறு: காத்திருக்கும் எல்லாருக்கும் நியாயமான பங்கு கிடைக்க வேண்டும், மொத்த வேலையும் தேங்காமல் நகர வேண்டும். உங்கள் 10 மி.செ. கெடு அதற்குத் தெரியவே தெரியாது. ரியல்-டைம் ஷெட்யூலர் பங்கு போடுவதில்லை. தயாராக இருப்பவற்றில் மேல் முன்னுரிமை உள்ளதற்கே சிபியு முழுவதும். அது தானாகக் காத்திருக்கப் போனால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு.

அப்புறம், அந்த 3 மி.செ. எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். சராசரியை எடுத்திருந்தால் கணக்கு முழுவதும் வீண். நான் செய்வது இது: டாஸ்க் தொடங்கும்போது போர்டில் ஒரு அவுட்புட் பின்னை உயர்த்தி, முடியும்போது இறக்கி, ஆசிலோஸ்கோப்பில் பழைய கோடுகள் திரையிலேயே தங்கும்படி வைத்துவிடுவேன். பெரும்பாலும் 2 மி.செ.யில் முடியும் ஒரு டாஸ்க், எப்போதாவது ஒரு முறை 3 வரை நீள்வது அதில்தான் தெரிந்தது. கணக்கில் சேர வேண்டியது அந்த நீண்ட கோடு.

கெடு இறுக்கமானதா தளர்வானதா என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் பரவலாக நடக்கிறது. தாமதமாக வந்த விடையால் பயன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மோட்டாருக்குத் தாமதமாகப் போகும் திருத்தம் தவறான திருத்தம்; அதுவரை வேகம் மாறியிருக்கும். திரை 20 மி.செ. பிந்தினால் பார்ப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆகவே சுமை கூடும்போது திரை டாஸ்க் ஒரு சுற்றைத் தவிர்க்கும்படி எழுதுங்கள். விட்டதையெல்லாம் பிடிக்க ஓடும்படி எழுதினால் வேலை குவிந்துகொண்டே போகும்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் பயன்படுத்துபவர்கள் சறுக்கும் சின்ன இடம் ஒன்று: `vTaskDelay` போட்டால் 3 மி.செ. வேலை, பிறகு 10 மி.செ. தூக்கம் என்று சுற்று 13 மி.செ. ஆகிவிடும். வேண்டியது இது:

```c
TickType_t last = xTaskGetTickCount();
for (;;) {
    vTaskDelayUntil(&last, pdMS_TO_TICKS(10));
    motor_step();
}
```

முன்னுரிமை எல்லாம் சரியாக இருந்தும் பூட்டு ஒன்று காரியத்தைக் கெடுக்கலாம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு நடந்தது அதுதான். வானிலைத் தரவு சேகரிக்கும் கீழ் முன்னுரிமை டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. அதே மியூடெக்ஸுக்காக, தரவைப் பகிரும் மேல் டாஸ்க் காத்து நின்றது. நடுவில் நடுத்தர முன்னுரிமை டாஸ்க் புகுந்து ஓட, கீழ் டாஸ்க்கால் பூட்டை விட முடியவில்லை. மேல் டாஸ்க் கெடுவுக்குள் முடிக்கவில்லை என்று கண்டதும் கணினி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. இப்படியே மீண்டும் மீண்டும். பூமியில் இருந்த மாதிரிக் கருவியில் அதே கோளாறை வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஓடிய ரியல்-டைம் ஓஎஸ்ஸான வி.எக்ஸ்.வொர்க்ஸில் பூட்டைப் பிடித்திருப்பவருக்குத் தற்காலிகமாக மேல் முன்னுரிமை தரும் வசதி இருந்தது, ஆனால் அந்த மியூடெக்ஸுக்கு அது அணைந்திருந்தது. அதை இங்கிருந்தே இயக்கினார்கள்; ரீசெட் நின்றது.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் `xSemaphoreCreateMutex` தரும் பூட்டில் இந்த வசதி உண்டு, `xSemaphoreCreateBinary` தருவதில் இல்லை. இரண்டையும் எடுப்பதும் விடுவதும் ஒரே ஃபங்ஷன்களால்தான் என்பதால் மாற்றிப் போட்டாலும் கம்பைலர் எதுவும் சொல்லாது. சோதனை மேசையில் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடவும் செய்யும். உங்கள் பழைய நிரலில் பகிர்ந்த தரவைக் காக்க பைனரி செமஃபோர் இருக்கிறதா என்று இன்றே ஒரு முறை தேடிப் பாருங்கள்.