சிலேடையைக் கெடுக்கும் ஒரு 'த்'

மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் பதாகை எழுதித் தரும்படி ஒரு தம்பி கேட்டார். அவரே ஒரு வரியும் வைத்திருந்தார்: "வேலை தேடி மண்டூர் வந்தோம்." உத்தியோகமும் முருகனின் வேலும் ஒரே சொல்லில் வரவேண்டுமாம். நல்ல யோசனைதான், ஆனால் வரி ஓடாது.

வேல் என்பதோடு 'ஐ' உருபு சேர்ந்தால், அடுத்து க, ச, த, ப வரும்போது ஒற்று மிகும். ஆகவே வேலாயுதம் என்றால் "வேலைத் தேடி", தொழில் என்றால் "வேலை தேடி". 'த்' போட்டால் தொழில் போய்விடும், போடாவிட்டால் வேல் போய்விடும்.

அடுத்த சொல்லை மாற்றினால் போதும். "வேலை நாடி மண்டூர் வந்தோம்" என்று எழுதிக் கொடுத்தேன். ந, ம, வ, உயிரெழுத்துகளுக்கு முன் ஒற்று மிகாது, இரண்டு பொருளும் நிற்கும்.

பலகாரக் கடைக்கு எழுதுகிறவர்கள் இடைவெளியைப் பார்க்கவேண்டும். "பலகாரம் கிடைக்கும்" என்றால் தின்பண்டமும் உண்டு, பல வகைக் காரமும் உண்டு. "பல காரம்" என்று பிரித்தால் உறைப்பு மட்டுந்தான்.

எழுதியதை விளக்கம் சொல்லாமல் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். வாயால் சொல்லிப் பார்ப்பது மட்டும் போதாது, எங்கள் பேச்சில் தொழில் 'வேல' ஆகிவிடும்.